நூற்றிருபது கட்டத்து மயில்

"விவரத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது. படித்துப் பார்க்கவும்."

முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு நான் அனுப்பிய மின்னஞ்சல் இவ்வளவுதான். மேலே ஒரு வணக்கம் இல்லை, கீழே ஒரு பெயர் இல்லை. அனுப்பிவிட்டு எழுந்து போய் குழம்புக்குத் தாளித்தேன். அன்றைக்கு நல்ல பசி, இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன் என்பதுகூட நினைவிருக்கிறது. சில அற்பத்தனங்களைச் செய்யும்போது மனசுக்கு ஒன்றுமே ஆவதில்லை. பிறகுதான் ஆகிறது.

ஆரணியில் எங்கள் வீட்டில் நான் கட்டம் வரைகிறவள், என் கணவர் அட்டை குத்துகிறவர். பட்டுப் புடவையின் கரையில் மயில் வர வேண்டுமென்றால் அது முதலில் கட்டம் போட்ட தாளில் வர வேண்டும். தாளில் நெடுக்காக இறங்கும் ஒவ்வொரு கட்ட வரிசையும் தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஒரு கொக்கி. குறுக்காகப் போகும் ஒவ்வொரு வரிசையும் ஓர் அட்டை. நிறம் அடித்த கட்டத்துக்கு அட்டையில் ஓட்டை விழும், வெள்ளைக் கட்டத்துக்கு விழாது. ஓட்டை இருக்கிற இடத்தில் கொக்கி, தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூலைத் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. இப்படி இழை இழையாகத்தான் மயில் எழுந்திருக்கும். நான் கட்டத்தில் செய்கிற பிழையை அவர் ஓட்டையாக்குவார், ஓட்டையை நெய்கிறவர் துணியாக்குவார். துணியான பிறகு ரப்பர் போட்டு அழிக்க முடியாது.

தொண்ணூறுகளில் பென்சிலும் ரப்பருமாகத்தான் வரைந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் வந்தது, நானும் கற்றுக்கொண்டேன். ஏழெட்டு வருஷம் கழித்து, சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த நாத்தனார் மகன், "அத்தே, உங்க டிசைன எல்லாம் நெட்ல போட்டு விக்கலாம், டவுன்லோடு பண்ணிக்குவாங்க" என்று ஒரு இணையப் பக்கம் திறந்து கொடுத்தான். வாங்குகிறவர்கள் வங்கியில் பணம் கட்டிவிட்டு மின்னஞ்சல் போட்டால் இறக்கிக்கொள்ளும் சுட்டி அவர்களுக்குப் போகும். பெயர், ஊர் எதுவும் போடவில்லை. ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும்.

மயில் கரைக்கு நான் எழுதிய விவரம் ஆங்கிலத்தில் ஒரு வரி. மயில் கரை டிசைன், 120 கொக்கி, உயர்ந்த தரம், தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டும். அந்தக் கடைசித் துண்டு, வெள்ளைக்காரப் பெண்கள் பூத்தையல் படம் விற்கும் ஏதோ ஒரு பக்கத்தில் பார்த்தது. பார்ப்பதற்கு கெத்தாக இருந்தது, எடுத்துப் போட்டுக்கொண்டேன். அதற்கு என்ன பொருள் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்காது.

கேட்கத்தான் செய்தார்கள், வேறு வேறு கேள்விகளை. ஒரு ஆள், படத்தில் முழுப்புடவை இருந்ததே, உள்ளே கரை மட்டும்தானே இருக்கிறது, முந்தி எங்கே என்று கேட்டார். இணையப் பக்கத்தில் போட்டிருந்தது அழகுக்காக வைத்த முழுப்புடவைப் படம். கரைக்குத்தான் காசு வாங்கினேன் என்று நான் எங்கும் சொல்லவில்லை. இன்னொருவர், இறக்கிய கட்டுக்குள் இரண்டு கோப்பு இருக்கிறது, ஒன்றைத் திறந்தால் மயில் கட்டைவிரல் நகத்தளவுதான் தெரிகிறது, ஏமாற்று வேலையா என்றார். அது பி.எம்.பி. கோப்பு, ஒரு புள்ளிக்கு ஒரு கொக்கி என்று டிசைன் மென்பொருளுக்காக வைத்தது, திரையில் அப்படித்தான் தெரியும். அச்செடுக்க வேண்டியது பி.டி.எஃப். மூன்றாமவர் மயில் ஏன் பெருச்சாளி மாதிரி குண்டாக இருக்கிறது என்று எழுதினார். குறுக்கே ஓடும் ஊடை நூல் பாவு நூலைவிடத் தடிப்பு. துணியில் ஏறும்போது உருவம் உயரமாக இழுபடும் என்பதால் கட்டத்தில் குள்ளமாகத்தான் வரைவோம். நெசவு தெரிந்தவனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவன் ஏன் வாங்குகிறான் என்பது என் கட்சி.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எல்லாருக்கும் ஒற்றை வரியில் பதில் போடுவேன். என் கணவர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "கடைக்கு வந்தவங்கள வாசல்லயே வச்சி தொரத்தற மாதிரி கீதே" என்றார்.

"நீங்க அட்டைய குத்துங்க. இத நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண்ணின் மின்னஞ்சல் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். "வணக்கம் சார்/மேடம். மயில் கரை டவுன்லோடு பண்ணினேன். பிரிண்ட் எடுத்து ஒட்டி எண்ணினால் 112தான் வருது. நீங்க 120 என்று போட்டிருக்கீங்க. 112 சரியா? இன்னொரு சந்தேகம். தறியில் ஒரு பாவு ஏற்றினால் மூணு புடவை வரும். ஒண்ணு எனக்கு, கல்யாணத்துக்கு. மத்த ரெண்டையும் வித்தால் தப்பா? பர்சனல் யூஸ் என்று போட்டிருக்கீங்க. அம்மா கேட்கச் சொன்னாங்க."

அன்று காலையிலிருந்து இது மூன்றாவது கேள்விக் கடிதம். எண்ணத் தெரியாதவளெல்லாம் என்று முணுமுணுத்துக்கொண்டே மேலே சொன்ன பதிலைத் தட்டினேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, சாப்பிடும்போது என் கணவர் சொன்னார். "முள்ளிப்பட்டுலருந்து ஒரு கிராஃப் வந்துகீது. மயில் கரை. நூத்திப் பன்னெண்டு கொக்கிக்குத்தான் கட்டம் இருக்குது. எட்டு கொக்கிய காலியா உட்டு குத்திக் குடுங்கன்னாங்க. எனக்கு மனசே ஒப்பல."

"எவன் போட்டான்?"

"தெரியலம்மா. எதோ கம்ப்யூட்டர்ல எடுத்தாங்களாம். கேட்டு எழுதனாங்களாம், தப்புன்னு பதில் ஒண்ணும் வரலியாம், அப்ப சரிதான்னு உட்டுட்டாங்களாம்."

"எட்டு கொக்கிய காணடிக்கிறவனெல்லாம் டிசைனரு" என்று நான் சிரித்தேன். நூற்றுப் பன்னிரண்டு என்ற எண் ஒரே வாரத்தில் இரண்டு முறை என் காதில் விழுந்தும் எனக்கு உறைக்கவில்லை. முன்னது யாரோ ஒரு முட்டாளின் எண்ணிக்கை, பின்னது யாரோ ஒரு முட்டாளின் வரைபடம் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துவிட்டேன். மூன்றாவதாக ஒரு முட்டாள் இருப்பாள் என்று தோன்றவே இல்லை.

எட்டு நாள் கழித்து அவர் பட்டறையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது கையில் ஒரு சுருள் இருந்தது. அந்தக் கிராஃபைக் கொடுத்த முள்ளிப்பட்டு அம்மா அட்டைகளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாராம். ஒரு சாண் நெய்து பார்த்தாராம், மயிலுக்குக் கழுத்து ஒடிந்து நிற்கிறதாம். சண்டை போடவில்லையாம். "நீங்க இன்னா பண்ணுவீங்க, இருக்கறத குத்தனீங்க, இதுக்கு எதுனா வழி இருக்குதா" என்று கேட்டு நின்றாராம்.

"கல்யாணப் புடவையாம். பொண்ணுக்கு நெய்யறாங்க. நீ ஒருக்கா பாரேன், எங்க தப்பாச்சின்னு" என்று சுருளைத் தரையில் விரித்தார்.

இரண்டு ஏ4 தாள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பசை வழியாமல் ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் கத்தரிக்கோலால் அவ்வளவு நேர்த்தியாக வெட்டியிருந்தது. எனக்கு எல்லா மயிலுக்கும் கண்ணில் ஒரே ஒரு கட்டத்தை வெள்ளையாக விடும் பழக்கம் உண்டு, கண்ணில் வெளிச்சம் பட்ட மாதிரி இருக்கும் என்று. இந்த மயிலின் கண்ணிலும் ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது.

ஊரில் உள்ள மயிலெல்லாம் என் கணவருக்கு ஓட்டைகள்தான், அவருக்குத் தெரியாமல் போனதில் அதிசயம் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

எழுந்து போய் கம்ப்யூட்டரைத் திறந்து என் பி.டி.எஃப்பைப் பார்த்தேன். தாளுக்கு அறுபது கட்டம், இரண்டு தாள், நூற்றிருபது. மேலிருந்து கீழே எண்பத்து நான்கு. எல்லாம் சரி. ஆனால் கட்டங்களைத் தாளின் விளிம்பு வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன், ஒரு நூல் இடம்கூட விடாமல். எனக்கு வேண்டியதை நான் பெரிய தாள் ஓடும் கடையில் எடுப்பேன், அங்கே விளிம்பு போகாது. பிரவுசிங் சென்டரில் இருக்கும் சாதாரண பிரிண்டர் தாளின் நாலு ஓரத்திலும் கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் அச்சடிக்கும். அச்சடிக்கும்போது தாளுக்குள் அடங்கும்படி சுருக்கு என்று ஒரு தேர்வு இருக்கும். அதை வைத்திருந்தால் கட்டங்கள் கொஞ்சம் சிறுத்து, ஒன்றுவிடாமல் வந்திருக்கும். அங்கிருந்தவர் நல்லெண்ணத்தில் நிஜ அளவு என்பதை வைத்திருக்க வேண்டும், சுருக்கினால் டிசைன் கெட்டுவிடும் என்று. ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு கட்டம் முழுசாகவும் அடுத்தது பாதியாகவும் போய்விட்டது. அந்தப் பெண் பாதிக் கட்டம் கணக்கில் வராது என்று, நெசவு வீட்டுப் பெண்ணுக்கே உரிய ஒழுங்கோடு, வெட்டி எடுத்துவிட்டாள். தாளுக்கு நான்கு, இரண்டு தாளுக்கு எட்டு. வெளி ஓரத்தில் ருத்திராட்சப் பட்டை பாதி போயிற்று. ஒட்டிய இடத்தில் மயிலின் கழுத்து போயிற்று. மேலும் கீழுமாக நான்கு அட்டையும் போயிற்று.

கட்டத்துக்கு எண் போட்டிருந்தால், ஓரத்தில் ஒன்று, பத்து, இருபது என்று எழுதியிருந்தால், எண் இல்லாத கட்டம் தொலைந்திருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். நான் போடவில்லை.

"ஏங்க, இது என் மயில்தான்" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த மின்னஞ்சலைத் திறந்து காட்டினேன். மெதுவாக வாய்விட்டுப் படித்தார், அம்மா கேட்கச் சொன்னாங்க என்ற கடைசி வரி வரைக்கும்.

"இதுக்கு நீ இன்னா எழுதன?"

காட்டினேன். அதைப் படிக்க நேரமே ஆகவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி, அந்த விவரத்த காட்டு."

அந்த ஒற்றை ஆங்கில வரியைக் காட்டினேன். எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்தார். கீழே இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று திரையை விரலால் தடவிப் பார்த்தார். கேலிக்குச் செய்யவில்லை, உண்மையாகவே தேடினார்.

"இதுல எங்கம்மா இருக்குது, எட்டு கட்டம் போயிடும்னு?"

பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் என்னைத் திட்டிய நாளெல்லாம் எனக்கு மறந்துபோயிருக்கிறது. திட்டாமல் கேட்ட இந்த ஒரு கேள்வி மறக்கவில்லை.

பெரிய தாளில் எடுத்திருந்த சரியான வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தேன். முள்ளிப்பட்டு எவ்வளவு தூரம், கால் மணி நேரம். உலகத்துக்கே விற்கிறேன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவளுக்கு, வாங்கினவள் கால் மணி நேரத்தில் இருக்கிறாள் என்று தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

வீட்டுக்குள் இரண்டு தறி. ஒன்றில் அந்த அம்மாவின் கணவர் முதலாளியின் பாவை நெய்துகொண்டிருந்தார். மற்றது நின்றிருந்தது. நான் யார் என்று சொன்னேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "ஆரணிலயேவா இருக்கிறீங்க? எம் பொண்ணு மெட்ராஸ்ல எதோ பெரிய கம்பெனின்னு சொல்லிகினு இருக்கறா."

உள்ளூரில் வரைபவர்களிடம் ஏன் போகவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் தறியில் ஓடும் அட்டையெல்லாம் முதலாளியுடையது. பாவு, பட்டு, ஜரிகை, டிசைன் எல்லாம் அவர் கொடுப்பது, நெய்வது மட்டும் இவர்கள். மகளுக்குச் சொந்தமாக நெய்ய வேண்டுமென்றால் சொந்த டிசைன் வேண்டும். ஊரில் யாரிடம் கேட்டாலும் அது யாருடைய டிசைன், யாருக்குத் தெரிந்து வாங்கினாய் என்று பேச்சு வளரும். அதனால் மகள் கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறாள். ஆரணியில் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை அவளுக்கு.

"ஊருக்கெல்லாம் கண்ணாலப் பொடவ நெஞ்சாச்சி. எம் பொண்ணுக்கு ஒண்ணு நெய்யணும்னு ஆசை" என்றார். "மொதலாளி உங்களுக்குன்னு ஒரு பாவு நெஞ்சிக்கன்னாரு. ஆடி முடியறதுக்குள்ள எறக்கிடணும், அவரு பாவு ஏறணும். ஆவணில கண்ணாலம்."

ஆடியில் மீதி இருந்தது பதினெட்டு நாள். அந்தப் பாவில் மூன்று புடவை. எட்டு நாளை என் மயில் தின்றுவிட்டிருந்தது.

தறியில் நெய்திருந்த அந்த ஒரு சாணைக் காட்டினார். அரக்குச் சிவப்பு. கரையில் வரிசையாக மயில்கள், ஒவ்வொன்றுக்கும் கழுத்து பாதியில் எகிறி நின்றது. ஓரத்தில் எட்டு கொக்கி அகலத்துக்கு ஒன்றுமில்லாத வெறும் பட்டு. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு அழுத்தமான, சீரான நெசவு. தப்பை எவ்வளவு அழகாக நெய்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது.

"அக்கா, என்ன திட்டுங்க" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

"உன்ன எதுக்கும்மா திட்டணும்? படிச்சிப் பாருங்கன்னு பதில் வந்துச்சி. பொண்ணு நாலு வாட்டி படிச்சா. எனக்கும் தமிழ்ல சொன்னா. அதுல இல்ல. அப்பறம், எழுதனவங்களுக்குத் தெரியாதா, நம்ம புத்திக்குத்தான் எட்டலன்னு உட்டுட்டோம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்தவர் வீட்டில், தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அழுதேன். கோபம் வந்தால் எங்கே வேண்டுமானாலும் கத்தத் தெரிந்த எனக்கு இதை அடக்கத் தெரியவில்லை. அந்த அம்மா என் தோளில் கை வைத்து, "பொடவைல கண்ணீர் பட்டா கறையாயிடும், தள்ளி நில்லு" என்றார். அவர் கணவரும் என் கணவரும் சிரித்தார்கள், நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

என் கணவர் வரைபடத்தை வாங்கிக்கொண்டார். "எண்பத்தி நாலு அட்டை. நாளைக்கு சாயங்காலம் கோத்துக் கொண்டாந்து குடுத்துர்றேன். ஜல்தியா வேற வேல எதையும் எடுக்கல." அவருக்கு வேறு வேலை நிறைய இருந்தது எனக்குத் தெரியும்.

நெய்த ஒரு சாணை என்ன செய்வது என்று கேட்டேன். வெட்டிவிடலாமா? அந்த அம்மா யோசிக்கவே இல்லை. "கெடக்கட்டும். உள்ள சொருவற தலைப்புதான், யாரு பாக்கப் போறா. இங்கருந்தே நல்ல மயிலு ஆரம்பிக்கட்டும்."

கிளம்பும்போது அவர்தான் நிறுத்தினார். "இன்னொண்ணு கேட்டிருந்தமே. அந்த ரெண்டு பொடவைய விக்கலாமா கூடாதா? வித்தாதான் பட்டு ஜரிகைக்கு கட்டுப்படியாகும். பின்னாடி கேஸு கீஸுன்னு வந்துரக் கூடாது."

"தாராளமா வித்துக்குங்கக்கா."

"வாயால சொன்னா ஆச்சா. எழுதிக் குடு."

ஒட்டியிருந்த பழைய வரைபடத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, தரையில் உட்கார்ந்து எழுதினேன். அந்த அம்மா கேட்கக் கேட்க எழுதினேன் என்பதுதான் உண்மை. இதுல கரை மட்டுந்தானா, முந்தி இல்லையா என்றார். கரை மட்டும், முந்தியும் உடலில் வரும் புட்டாவும் இதில் இல்லை என்று எழுதினேன். அப்ப முந்தி படத்த எதுக்குப் போட்ட என்றார், படத்தை எடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டேன். எத்தன கொக்கி, எத்தன அட்டை? எழுதினேன். ரெண்டு ஃபைலு எதுக்கு? பி.டி.எஃப். அச்செடுத்து அட்டை குத்த, பி.எம்.பி. டிசைன் மென்பொருளில் திறக்க; அது திரையில் சின்னதாகத்தான் தெரியும், அதை வேறு வகையாக மாற்றிச் சேமித்தால் புள்ளிகள் கலங்கிவிடும். அச்சடிக்கும்போது தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி எடுக்கவும், அளவு சிறுத்தால் குற்றமில்லை, கட்டத்தின் எண்ணிக்கைதான் முக்கியம். ஒட்டிய பிறகு ஓர எண்களைச் சரிபார்க்கவும். எண்களை அன்றைக்கே போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். மயில் கட்டத்தில் குள்ளமாக இருக்கும், துணியில் சரியாகிவிடும் என்று நான் சொன்னதும், "இதக் கூடவா எழுதணும்" என்றார். எழுதணும் அக்கா என்றேன்.

கடைசியாக உரிமை. இதை வாங்கியவர் தன் சொந்தத் தறிகளில் எத்தனை புடவை வேண்டுமானாலும் நெய்யலாம், விற்கலாம். இந்த வரைபடத்தையோ கோப்பையோ இதிலிருந்து குத்திய அட்டையையோ வேறு ஒருவருக்குக் கொடுக்கவோ விற்கவோ கூடாது. இந்த இரண்டாவது வரியை ஒப்புக்குத்தான் எழுதினேன். அட்டை கைமாறினால் எனக்கு எப்படித் தெரியப்போகிறது?

அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. தாளை வாங்கி, மடித்து, தறிக்கு மேலே செருகி வைத்தார். "சாய்ந்தரம் பொண்ணு வந்து படிச்சிக் காட்டட்டும்."

வீட்டுக்கு வந்ததும் என் இணையப் பக்கத்தில் இருந்த எல்லா டிசைனுக்கும் இதே மாதிரி விவரம் எழுத உட்கார்ந்தேன், தமிழிலும் ஆங்கிலத்திலும். முடிக்க ஒரு வாரம் ஆனது. அதற்கு முன்பு வாங்கியவர்களுக்கெல்லாம் எண் போட்ட கோப்பைத் திரும்ப அனுப்பி, மன்னிப்பும் கேட்டேன். குண்டு மயில்காரர் "இப்போது புரிகிறது" என்று ஒரு வரி எழுதினார். அவர் முட்டாள் இல்லை என்று தெரிந்தது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அந்தப் பெண்ணின் மின்னஞ்சலுக்கு மட்டும் எழுதவில்லை. அவள் அம்மாவிடம் நேரிலேயே சொல்லியாயிற்றே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், என் அந்தப் பழைய பதிலுக்குக் கீழே எழுத வெட்கமாக இருந்தது.

பாவு ஆடிக் கடைசி நாள் இறங்கியது. கணவனும் மனைவியும் தறியில் மாற்றி மாற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். என் கணவர் ஒன்றுவிட்டு ஒருநாள் அந்தப் பக்கம் போய் வந்தார். எதற்கு என்றால் "சும்மா, அட்டை எதுனா கிழிஞ்சிருக்கான்னு" என்பார். புது அட்டை ஏன் கிழியும் என்று நானும் கேட்கவில்லை.

ஆவணியில் கல்யாணத்துக்குப் போனோம். மணப்பெண்ணை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். அரக்குச் சிவப்பு அவளுக்கு அப்படிப் பொருந்தியது. தோளிலிருந்து கால் வரைக்கும் மயில்கள் வரிசையாக நிமிர்ந்த கழுத்தோடு வந்தன. கண்ணில் அந்த வெள்ளைப் புள்ளிகூடத் தெரிந்தது. நான் வரைந்த எதையும் நான் அதுவரைக்கும் ஒரு உடம்பில் பார்த்து அழுததில்லை. எல்லாம் அட்டையாகப் போகும், கடைக்குப் போகும், அவ்வளவுதான்.

சாப்பாட்டுப் பந்தியில் எங்களுக்கு எதிரே அவர்களுடைய முதலாளி. அந்த அம்மா இலைக்கு இலை விசாரித்துக்கொண்டு வந்தபோது அவர் நிறுத்தினார். "கரை ஷோக்கா இருக்குதே. அந்த அட்டைய குடு, ஒரு செட்டு காப்பி எடுத்துகினு தர்றேன். நம்ம தறி நாப்பதுலயும் போட்டு உட்டுர்லாம்."

அவர் கொடுக்கும் பாவில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. கேட்டதும் கொடுப்பதுதான் அங்கே வழக்கம். எனக்கே அப்படித்தான் தோன்றியது, கொடுத்துவிடுங்கள் அக்கா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"அது முடியாதுங்க" என்றார் அந்த அம்மா. "எங்க தறில எத்தினி பொடவ வேணா நெய்யலாம், விக்கலாம். அட்டைய கை மாத்தக் கூடாதுன்னு எழுதி இருக்குதுங்க. பொண்ணு படிச்சிக் காட்டனா."

"எழுதி இருந்தா? யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் பாத்துகினுதானே இருக்கறேங்க."

முதலாளியின் முகம் சுண்டிப்போயிற்று. அப்பளத்தை நொறுக்கினார். என் கணவர் என்னை இடித்தார். நான் வாயைத் திறந்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், அதை வரைந்தது நான்தான், வீட்டுக்கு வாருங்கள், நாற்பது தறிக்கு வேறு மாதிரி எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். "அது சரி. எழுதி இருந்தா எழுதினபடி" என்று இலையைப் பார்த்துச் சொன்னார். மறுவாரம் வரவும் செய்தார். முள்ளிப்பட்டு வீட்டுக்கு அவருடைய பாவு வருவதும் நிற்கவில்லை.

அன்று மதியம் வீட்டுக்கு வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நான் ஒப்புக்கு எழுதிய வரியை ஒருத்தி தன் பிழைப்பைப் பணயம் வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள். அந்தப் பழைய மின்னஞ்சலைத் திறந்து, என் ஒற்றை வரிக்குக் கீழே எழுதினேன். "வணக்கம் அம்மா. 112 தவறு, 120தான் சரி. நீ சரியாகத்தான் எண்ணினாய், தவறு என்னுடையது. மற்ற இரண்டு புடவைகளையும் தாராளமாக விற்கலாம். முதல் நாளே இதை எழுதியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்." கீழே என் பெயரையும் ஊரையும் போட்டேன்.

கல்யாணமான பெண், எப்போது பார்ப்பாளோ என்று விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து ஒரு வரி வந்தது.

"படித்துப் பார்த்தேன் ஆன்ட்டி. இப்போ எல்லாம் இருக்கு."